வாரம் ஒரு மீட்டர் அளவு: கூடுதல் யூனிட் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

போன மாதம் 209 யூனிட். இந்த மாதம் 245. வீட்டில் புதிதாக எந்தச் சாதனமும் வாங்கவில்லை, விருந்தினர் யாரும் வரவில்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் குற்றம் சாட்டத் தொடங்குவதற்கு முன்பு அதில் இருக்கும் இரண்டு தேதிகளைப் பாருங்கள். முதல் பில் 29 நாட்களுக்கானது, இரண்டாவது 34 நாட்களுக்கானது என்றால் இரண்டு மாதங்களிலும் செலவு நாளுக்கு 7.2 யூனிட்தான். எதுவுமே மாறவில்லை. கணக்கெடுப்பவர் ஐந்து நாள் தாமதமாக வந்திருக்கிறார், அவ்வளவே.

வீட்டு மின்செலவைக் கண்காணிக்க விரும்புகிறவர் மனத்தில் வைக்க வேண்டிய முதல் எண் இதுதான்: நாளுக்கு எத்தனை யூனிட். மாத மொத்தம் நாட்களின் எண்ணிக்கையால் ஏறி இறங்கும். பணத்தை வைத்து ஒப்பிடுவது அதைவிட மோசம். நிலைக்கட்டணம், வரி, யூனிட் கூடக்கூட விகிதமும் கூடும் படிநிலைக் கட்டணம் எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் கலந்து கிடக்கின்றன. யூனிட் பத்து சதவீதம் கூடியதற்குத் தொகை இருபது சதவீதம் கூடலாம். எனவே தொகையைத் தனியாகக் குறித்து வையுங்கள், ஆனால் கோளாறைத் தேடும்போது யூனிட்டை மட்டும் பாருங்கள்.

யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நூறு வாட் சாதனம் பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்தான். இந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியமானது. நூறு வாட் என்பது பெரிதாகத் தெரியாது. ஆனால் அது இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட், முப்பது நாளில் 72 யூனிட் ஆகிவிடும். வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் யூனிட்டைத் தின்பவை பெரும்பாலும் பெரிய சாதனங்கள் அல்ல, ஓய்வே எடுக்காத சிறிய செலவுகள்.

முதல் கருவி: மீட்டரும் ஒரு விரிதாளும்

செயலி, ஸ்மார்ட் பிளக், கிளாம்ப் என்று தேடுவதற்கு முன்பு வீட்டில் ஏற்கெனவே இருக்கும் துல்லியமான கருவியைப் பயன்படுத்தலாம். அது உங்கள் மீட்டர். கட்டணம் அதைக்கொண்டுதான் கணக்கிடப்படுகிறது என்பதால் அது காட்டுவதே இறுதிக் கணக்கு.

மின்னணு மீட்டரின் திரை ஒரே எண்ணில் நிற்காது. தேதி, நேரம், மின்னழுத்தம், உச்சத் தேவை என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். `kWh` என்று காட்டும் மொத்த எண்தான் நமக்குத் தேவை. சில மீட்டர்களில் அதற்குப் பக்கத்தில் `1.8.0` என்ற குறியீடு தெரியும். மின்தடத்திலிருந்து வீட்டுக்குள் வந்த மொத்த மின்சாரம் என்று அதற்குப் பொருள். `2.8.0` என்றால் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் வெளியே அனுப்பியது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு முழுவதும் வீணாகிவிடும். புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கத்தையும் சேர்த்தே எழுதுங்கள், அது பின்னால் உதவும்.

வாரம் ஒரு முறை, ஏறத்தாழ அதே நேரத்தில், கைப்பேசியில் மீட்டரைப் படம் எடுங்கள். படத்திலேயே தேதியும் நேரமும் பதிந்துவிடும். எண்ணைத் தவறாக எழுதினாலும் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். விரிதாளில் `A` பத்தியில் தேதி, `B` பத்தியில் மீட்டர் எண், `C` பத்தியில் நாளுக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கு, `D` பத்தியில் ஒரு வரிக் குறிப்பு. முதல் வரிசை தலைப்புக்கு, இரண்டாவது வரிசை முதல் அளவுக்கு. மூன்றாவது வரிசையிலிருந்து `C` பத்தியில் இந்தச் சூத்திரம்:

```
=(B3-B2)/(A3-A2)
```

ஏழு நாள் என்று இருந்தாலும், ஒரு வாரம் மறந்துபோய்ப் பதினோரு நாள் ஆகிவிட்டாலும் இது சரியான விடையைத் தரும். தேதியோடு நேரத்தையும் ஒரே கட்டத்தில் எழுதினால் அரை நாள் வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். குறிப்புப் பத்தியை வெட்டியாக நினைக்காதீர்கள். "மூன்று நாள் ஊரில் இல்லை", "கடும் வெயில்", "சலவை அதிகம்" என்ற நான்கு சொற்கள் மூன்று மாதம் கழித்து மணிக்கணக்கான யோசனையை மிச்சப்படுத்தும்.

எட்டு வாரம் சேர்ந்த பிறகு வழக்கத்துக்கு மாறான வாரத்தை விரிதாளே சுட்டிக்காட்டும்படி செய்யலாம். பதினோராவது வரிசையில் `E` பத்தியில் இதை எழுதிக் கீழே இழுத்துவிட்டால் போதும்:

```
=IF(C11>1.2*MEDIAN(C3:C10),"பார்க்கவும்","")
```

முந்தைய எட்டு வாரங்களின் இடைநிலை அளவைவிட இருபது சதவீதத்துக்கு மேல் போனால் எச்சரிக்கை வரும். சராசரியை விட்டுவிட்டு இடைநிலையை எடுப்பதற்குக் காரணம் உண்டு. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுப்பதுதான் இடைநிலை. ஒரே ஒரு வாரம் உறவினர் கூட்டத்தால் எகிறினாலும் நடுவில் இருப்பது அசையாது. சராசரியோ அந்த ஒரு வாரத்தால் மேலே இழுக்கப்பட்டு, அடுத்து வரும் உண்மையான கோளாறை மறைத்துவிடும்.

இரவின் அடிச்செலவு

பகலில் நாம் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்து யூனிட் ஏறி இறங்கும். இரவில் நாம் எதுவும் செய்வதில்லை. அதனால் கோளாறைத் தேட இரவுதான் நல்ல நேரம். படுக்கும்போது மீட்டரைப் பாருங்கள், எழுந்தவுடன், எதையும் போடுவதற்கு முன்பு, மறுபடி பாருங்கள். கூடிய யூனிட்டை மணிகளால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் இரவு முழுவதும் சராசரியாக எத்தனை வாட் ஓடியது என்பது கிடைத்துவிடும். ஏழு மணி நேரத்தில் 1.0 யூனிட் என்றால் சுமார் 143 வாட். ஃபிரிட்ஜ், இணைய ரவுட்டர், அணைத்தும் அணையாமல் விளக்கு எரியும் தொலைக்காட்சி, தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கும் ஹீட்டர் எல்லாம் இதற்குள் அடக்கம். ஏசி போட்டுத் தூங்குகிறவர்களுக்கு இந்தச் சோதனை ஏசி இல்லாத ஓர் இரவில்தான் பலன் தரும்.

மீட்டர் முழு எண்ணை மட்டும் காட்டினால் ஓர் இரவில் ஒன்றோ இரண்டோதான் நகரும். அந்த அளவில் பிழை மிகப் பெரியது. அப்போது திரைக்குப் பக்கத்தில் மினுக்கும் சிறு சிவப்பு விளக்கு கைகொடுக்கும். மீட்டரின் முகப்பில் `3200 imp/kWh` என்பதுபோல் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 முறை மினுக்கும் என்று பொருள். இரண்டு மினுக்கலுக்கு இடையே எத்தனை வினாடி என்று கைப்பேசிக் கடிகாரத்தில் பார்த்தால் அந்த நொடியில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று சொல்லிவிடலாம்:

```
W = 3600000 / (imp * seconds)
```

3200 மினுக்கல் மீட்டரில் ஐந்து வினாடிக்கு ஒரு முறை என்றால் 225 வாட். ஒரு மினுக்கலை மட்டும் அளக்காமல் பத்து மினுக்கல்களுக்கு ஆகும் நேரத்தைப் பத்தால் வகுத்தால் கைவேகத்தால் வரும் பிழை குறையும். உங்கள் மீட்டரின் எண் வேறாக இருக்கலாம், அதைப் பார்த்தே கணக்கிடுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் வீட்டின் எட்டு வார அளவுகள் நாளுக்கு 7.0-க்கும் 7.4-க்கும் இடையே இருந்தன. இடைநிலை 7.2. ஒன்பதாவது வாரம் 8.2 வந்தது. எச்சரிக்கைக் கோடு 8.64-ல் இருந்ததால் விரிதாள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் துணி அதிகம் துவைத்திருப்போம் என்று விட்டுவிட்டேன். பத்தாவது வாரம் 9.3. இப்போது "பார்க்கவும்" என்று வந்தது. ஒன்பதாவது வாரத்தின் நடுவில் ஏதோ தொடங்கி, பத்தாவது வாரம் முழுவதும் ஓடியிருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. கோளாறு எப்போதும் வாரத்தின் முதல் நாளில் பிறப்பதில்லை, முதல் வாரத்தில் அது பாதியாகத்தான் தெரியும்.

அன்றிரவே அடிச்செலவைப் பார்த்தேன். ஏழு மணி நேரத்தில் 1.6 யூனிட். முன்பு அது 1.0. அடுத்த இரண்டு இரவுகளும் ஏறத்தாழ அதே எண்ணைக் காட்டின. கூடுதலான 0.6 யூனிட்டை ஏழால் வகுத்தால் சுமார் 86 வாட், இருபத்து நான்கு மணிக்கு 2.1 யூனிட். வார அளவில் கூடியதும் சரியாக அதே 2.1. இந்தப் பொருத்தம் பெரிய துப்பு. யாரும் பகலில் எதையும் கூடுதலாகப் பயன்படுத்தவில்லை, ஏதோ ஒன்று இரவும் பகலும் ஒரே சீராக ஓடுகிறது என்று இது சொல்கிறது. கூடுதல் முழுவதும் பகலில் மட்டும் இருந்திருந்தால் சாதனத்தை விட்டுவிட்டு ஆட்களின் பழக்கத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

எந்தச் சாதனம்? வழக்கமான முறை ஒன்று உண்டு. மீட்டர் விளக்கைப் பார்த்துக்கொண்டே ஒருவர் நிற்க, இன்னொருவர் மின்பெட்டியில் உள்ள பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். எதை அணைத்தால் மினுக்கல் திடீரென்று மெதுவாகிறதோ, அந்த வழித்தடத்தில்தான் செலவு. நான் மாலையில் செய்து பார்த்தேன், எதை அணைத்தும் பெரிய மாற்றம் இல்லை. ஃபிரிட்ஜையே சந்தேகப்பட்டு, சுவர் சாக்கெட்டுக்கும் சாதனத்துக்கும் இடையே செருகும் ஒரு சிறு மின் அளவியை அதற்கு வைத்தேன். ஒரு நாள் முழுவதும் அளந்ததில் அதன் செலவு 1.2 யூனிட், அதாவது சராசரி 50 வாட். ஃபிரிட்ஜ் நிரபராதி.

தவறு என் சோதனையில் இருந்தது. வெப்பக்கட்டுப்பாட்டால் இயங்கும் சாதனங்கள் தொடர்ந்து ஓடுவதில்லை. சில நிமிடம் ஓடி, பிறகு நெடுநேரம் சும்மா இருக்கும். அவை சும்மா இருக்கும் நேரத்தில் பிரேக்கரை அணைத்தால் மினுக்கலில் எந்த வேறுபாடும் தெரியாது. அன்று இரவு பதினோரு மணிக்கு மேல் கால்மணிக்கு ஒரு முறை மீட்டரைப் போய்ப் பார்த்தேன். நான்காவது முறை விளக்கு நொடிக்கு இரண்டு தடவை துடித்துக்கொண்டிருந்தது. கணக்கில் அது இரண்டாயிரம் வாட்டுக்கும் மேல். யாரும் விழித்திருக்காத வீட்டில் இரண்டாயிரம் வாட் இழுப்பது வாட்டர் ஹீட்டரைத் தவிர வேறெதுவும் இல்லை. அதன் பிரேக்கரை அணைத்தேன், துடிப்பு உடனே தளர்ந்தது.

ஹீட்டர் கெட்டுவிட்டதா? அங்கேதான் தண்ணீர்க் கணக்கு உதவியது. மின்சாரத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் மீட்டரின் எண்ணையும் நான் குறித்து வருகிறேன். அந்த மீட்டர் கனமீட்டரில் காட்டும், ஒரு கனமீட்டர் ஆயிரம் லிட்டர். மறுநாள் இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு ஏழு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 14 லிட்டர் ஓடியிருந்தது. மூடிய வீட்டில் மணிக்கு இரண்டு லிட்டர் எங்கோ போகிறது. கழிப்பறைத் தொட்டியாக இருக்கலாம் என்று அதன் அடைப்பை மூடிவிட்டுப் பார்த்தேன், ஓட்டம் நிற்கவில்லை. ஹீட்டரின் குளிர்நீர் வால்வை மூடியபோதுதான் நின்றது.

ஹீட்டரில் அழுத்தம் மிஞ்சினால் நீரை வெளியேற்றும் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. நீர் சூடாகி விரியும்போது அதிலிருந்து கொஞ்சம் சொட்டுவது இயல்பு. எங்கள் வீட்டில் அதன் குழாய் நேரே சுவருக்குள் சென்று வடிகாலில் முடிவதால் சொட்டு கண்ணில் படவே இல்லை. குழாயைக் கழற்றி ஒரு கோப்பையை வைத்தேன். மூன்று நிமிடத்தில் 100 மில்லி, அதுவும் கைபொறுக்காத சூடு. மணிக்கு இரண்டு லிட்டர், நாளுக்கு 48 லிட்டர் வெந்நீர். தண்ணீர் மீட்டர் சொன்ன அதே கணக்கு.

இந்த நீரைச் சூடாக்க எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 1.163 வாட் மணி வேண்டும். உள்ளே வருவது 25 டிகிரி, வெளியே போவது 60 டிகிரி என்று வைத்தால் வித்தியாசம் 35. மூன்றையும் பெருக்கினால் (48 × 35 × 1.163) சுமார் 1,950 வாட் மணி, அதாவது 1.95 யூனிட். தேடிய 2.1-க்கு இது போதுமான அளவு நெருக்கம். எஞ்சியது குழாயில் இழந்த சூடாகவோ என் வெப்பநிலை ஊகத்தின் பிழையாகவோ இருக்கும்.

பிளம்பர் வால்வைத் திறந்து காட்டினார். அமரும் இடத்தில் சுண்ணாம்புப் படிவு ஒட்டி, அது முழுதாக மூடவே முடியாமல் இருந்தது. புது வால்வு மாட்டினார். சொட்டுகிறது என்பதற்காக அந்த வாயைத் திருகாணியால் அடைத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள், அழுத்தம் போக வழியில்லாமல் தொட்டி வெடிக்கும் ஆபத்து உண்மையானது. அடுத்த வார அளவு நாளுக்கு 7.3.

இன்னும் நுணுக்கமான கருவிகள் எப்போது தேவை?

ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகளில் அரை மணிக்கோ கால் மணிக்கோ ஒரு முறை பதிவான அளவுகளை மின்வழங்குநரின் செயலியில் காண முடியும். நான் நள்ளிரவில் நடந்து நடந்து கண்டுபிடித்ததை அந்த வரைபடம் காலையில் சாவகாசமாகக் காட்டிவிடும். அத்தகைய வசதி இருந்தால் அதை முதலில் பாருங்கள், அதற்கென்று தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

செருகும் அளவியும் ஸ்மார்ட் பிளக்கும் ஒரு சாதனத்தைச் சோதிக்க நல்லவை. ஆனால் அவற்றின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் வரம்பை மதிக்க வேண்டும். பத்து ஆம்பியர் பிளக்கில் ஹீட்டரையோ ஏசியையோ செருகினால் பிளக் உருகக்கூடும்.

மின்பெட்டிக்குள் கம்பியைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் வகைக் கண்காணிப்பான் முழு வீட்டையும் நொடிக்கு நொடி காட்டும். ஹோம் அசிஸ்டன்ட் போன்ற இலவச மென்பொருளில் அதை இணைத்து வரைபடமாகவும் பார்க்கலாம். இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. கிளாம்பை மின்னோட்டம் வரும் கம்பியை மட்டும் சுற்றி மாட்ட வேண்டும். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சேர்த்துச் சுற்றினால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்து சுழியத்தைக் காட்டும். அடுத்து, மின்னழுத்தத்தை அளக்காமல் மின்னோட்டத்தை மட்டும் அளக்கும் மலிவான வகைகள், மோட்டார்களுக்கும் மலிவான எல்.இ.டி. விளக்குகளுக்கும் உண்மையான செலவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதன் எண்ணை ஒரு வாரம் மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நம்பத் தொடங்கலாம். எப்படியிருந்தாலும் பெட்டியைத் திறப்பது எலக்ட்ரீசியனின் வேலை.

விரிதாளுக்கும் கண்தெரியாத இடங்கள் உண்டு. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் ஆண்டுக்கணக்கில் தளர்வதுபோல் மெல்ல மெல்ல ஏறும் செலவை எட்டு வார இடைநிலை பிடிக்காது, ஏனென்றால் இடைநிலையும் கூடவே ஏறிக்கொண்டிருக்கும். அதைப் பிடிக்கச் சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும், பருவமும் அதனால் சரியாகிவிடும். மீட்டரை மாற்றினால் எண் புதிதாகத் தொடங்கி `C` பத்தியில் கழித்தல் குறி தோன்றும். அந்த வாரம் பழைய மீட்டரின் கடைசி எண்ணைப் படமெடுத்து வைத்திருந்தால் பிரச்சினை இல்லை.

பில்லையும் ஒரு முறை விரிதாளோடு ஒப்பிடுங்கள். அதில் அச்சான மீட்டர் எண் அந்தத் தேதியில் நீங்கள் எடுத்த படத்தோடு பொருந்தவில்லை என்றால், அளவை நேரில் எடுக்காமல் மதிப்பீடாகப் போட்டிருக்கக்கூடும். பில்லில் அதற்கான குறிப்பும் பெரும்பாலும் இருக்கும். மதிப்பீடு குறைவாக இருந்தால் மகிழ வேண்டாம், விடுபட்ட யூனிட்டெல்லாம் அடுத்த பில்லில் சேர்ந்து வந்து உங்களை மேல்படிக் கட்டணத்தில் தள்ளிவிடலாம். அப்போது கையில் தேதியோடு படம் இருந்தால் திருத்தம் கேட்க வசதி.

எல்லாப் பிரேக்கர்களையும் அணைத்து, முதன்மை சுவிட்சையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், செலவு உங்கள் வீட்டுச் சாதனங்களில் இல்லை. மீட்டருக்கும் முதன்மை சுவிட்சுக்கும் இடையே ஏதோ கசிகிறது, அல்லது வேறெங்கோ போகும் கம்பி ஒன்று அங்கே இணைந்திருக்கிறது, அல்லது மீட்டரே பழுது. மினுக்குவதைக் காணொளியாக எடுத்து வைத்துக்கொண்டு மின்வழங்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், அந்தப் பகுதியில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.